மொட்டை மாடியில் காய்ந்துபோன கேப்பாசிட்டர்

2023 மார்ச்சில் தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு கண்ட்ரோலர் செய்தேன். ஒன்று சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, இன்னொன்று ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தோடு இருக்கும் மாமா வீட்டுக்கு. இரண்டிலும் வைஃபை உள்ள ஒரே ஈஎஸ்பி32 போர்டு, மோட்டாரைப் போட்டு நிறுத்த ஒரே ரிலே, தொட்டி மட்டம் பார்க்க ஒரே அல்ட்ராசோனிக் சென்சார். மின்சாரம் கொடுக்க 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று எழுதியிருந்த அடாப்டர் இரண்டை ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்து வாங்கினேன். விலை குறைவு. போர்டுக்கும் சென்சாருக்கும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்தவன், அடாப்டர் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கண்ட்ரோலர் மாடிப்படி முடியும் இடத்தில், தகர ஷீட் போட்ட சின்ன அறையில் இருந்தது. மாமா வீட்டில் அது அடுப்படிக்குப் பின்னால், ஓட்டுக் கூரைக்குக் கீழே. இந்த வித்தியாசம்தான் பின்னால் எல்லாவற்றையும் விளக்கியது. ஆனால் அது புரிய எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

2024 மே மாதத்தில் எங்கள் வீட்டில் கோளாறு ஆரம்பித்தது. தொட்டி மட்டம் 80 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும், திடீரென்று 12 என்று குதிக்கும், அடுத்த வினாடி மறுபடி 80. சென்சாரில் பூச்சி ஏறியிருக்கும் என்று நினைத்துத் துடைத்தேன். ஐந்து அளவு எடுத்து நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளும்படி புரோகிராமை மாற்றினேன். குதிப்பு குறைந்தது, நானும் விட்டுவிட்டேன். ஜூனில் வைஃபை அடிக்கடி அறுந்தது. ரவுட்டர் தூரமாக இருக்கிறது என்று நினைத்தேன். ஜூலையில் மோட்டார் போடும் நேரத்தில் போர்டு ரீசெட் ஆக ஆரம்பித்தது. ரிலே 'டக்' என்று இழுக்கும், உடனே விட்டுவிடும், போர்டு மறுபடி முதலிலிருந்து எழும். அப்புறம் மறுபடி ரிலே, மறுபடி ரீசெட். மோட்டார் ஸ்டார்ட்டர் படபடவென்று அடித்துக்கொண்டது.

லேப்டாப்பை மாடிக்குத் தூக்கிப்போய் சீரியல் மானிட்டரைத் திறந்தேன். ரிலே இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே வரி:

```
Brownout detector was triggered
```

போர்டுக்குப் போகும் மின்னழுத்தம் பாதுகாப்பான அளவுக்குக் கீழே போய்விட்டது என்று அந்தச் சிப்பே சொல்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு கருவி பேச முடியாது. நான் மல்டிமீட்டரை எடுத்து போர்டின் 5 வோல்ட் பின்னில் வைத்தேன். 4.96 காட்டியது. 'மின்சாரம் சரியாகத்தான் வருகிறது, இந்த எச்சரிக்கைதான் தப்பு' என்று முடிவு கட்டினேன். ரிலே இழுக்காமல், வைஃபை அனுப்பாமல் சும்மா இருக்கும் நேரத்தில் வைத்துப் பார்த்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

அடுத்துச் செய்ததை யாரும் செய்யக் கூடாது. அந்த எச்சரிக்கையையே அணைக்க ஒரு வரி இருக்கிறது:

```cpp
WRITE_PERI_REG(RTC_CNTL_BROWN_OUT_REG, 0);
```

இதைப் போட்டதும் ரீசெட் நின்றது. பத்து நாள் நிம்மதி. பதினோராம் நாள் இரவு, ரிலே இழுத்த நிலையிலேயே போர்டு உறைந்துவிட்டது. ரீசெட் ஆகியிருந்தால் ரிலேவை இயக்கும் பின் விடுபட்டு மோட்டார் நின்றிருக்கும். உறைந்ததால் அந்தப் பின் உயர் நிலையிலேயே நின்றது, மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. விடிகாலை நாலரைக்குப் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, "தம்பி, உங்க தொட்டி நிரம்பி எங்க சந்து பூரா தண்ணிங்க" என்றார். எங்கள் தெருவில் கோடையில் குழாய்த் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கிறோம். அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது ரொம்ப வேதனையாக இருந்தது. அந்த வரியை அன்றே எடுத்தேன்.

அக்டோபரில் ஆயுத பூஜை விடுமுறைக்கு ஏற்காடு போனோம். போர்டை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுபோனேன். மாமா வீட்டுக் கண்ட்ரோலரைக் கழற்றி அந்த இடத்தில் என் போர்டை மாட்டினேன். இரண்டு நாள், ஒரு ரீசெட்கூட இல்லை. "மாப்ள, இங்க நல்லாத்தான் ஓடுது. உங்க ஊர் கரண்ட்டுதான் சரியில்லையோ?" என்றார் மாமா. எனக்கும் அதுவே பட்டது. சேலம் வந்து ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. இந்த மாதிரி அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்படி செய்யப்படுபவை. அவற்றுக்கு முன்னால் ஸ்டெபிலைசர் வைப்பதில் அர்த்தமில்லை.

என் தப்பு எங்கே என்று டிசம்பரில்தான் பிடிபட்டது. போர்டை மட்டும்தான் மலைக்குக் கொண்டுபோயிருந்தேன். அடாப்டர் அம்மாபேட்டைச் சுவரிலேயே இருந்தது. ஏற்காட்டில் என் போர்டை ஓட்டியது மாமா வீட்டு அடாப்டர். ஊர் மாறியதால் சரியானது என்று நினைத்தது உண்மையில் அடாப்டர் மாறியதால் சரியானது.

டிசம்பர் கடைசி வாரம் போர்டையும் அடாப்டரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். இரவு பையிலேயே கிடந்தன. காலை ஆறு மணி, வெளியே பனி, வெப்பமானி 13 டிகிரி காட்டியது. என் அடாப்டரையும் என் போர்டையும் மாட்டிச் சொருகினேன். போர்டு எழவே இல்லை. அந்த ஒரே எச்சரிக்கை வரி திரை முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. ரிலேவைத் தொடவே இல்லை, வைஃபை தொடங்கும் இடத்திலேயே விழுந்து விழுந்து எழுந்தது. அப்படியே விட்டுவிட்டு மாமாவோடு காப்பி குடித்துவிட்டு வந்தேன். அரை மணி நேரம் கழித்து போர்டு தானாக எழுந்து ஓடிக்கொண்டிருந்தது. அடாப்டரைத் தொட்டுப் பார்த்தால் கதகதப்பு. மாமா வீட்டு அடாப்டரை மாற்றிச் சொருகினேன். குளிரிலேயே முதல் முறையிலேயே எழுந்தது.

குளிரில் படுத்து, சூடானதும் எழுகிறது என்றால் அது அடாப்டருக்குள் மின்சாரத்தைச் சேமித்துத் தரும் எலக்ட்ரோலிட்டிக் கேப்பாசிட்டர் வயதானதன் அடையாளம். அதற்குள் இருப்பது திரவம். அலுமினியத் தகடு இரண்டு, நடுவில் அந்தத் திரவத்தில் நனைந்த காகிதம், எல்லாம் சுருட்டி ஒரு அலுமினியக் குவளைக்குள், அடியில் ரப்பர் அடைப்பு. குளிரில் திரவத்தின் மின்கடத்தும் திறன் குறையும். புதுக் கேப்பாசிட்டர் அதைச் சமாளித்துவிடும். ஏற்கனவே பாதி காய்ந்ததற்கு அந்தச் சின்னக் குறைவே போதும். சேலம் வெயில் ஒன்றே முக்கால் வருடம் செய்த சேதத்தை ஏற்காட்டுப் பனி ஒரே காலையில் காட்டிக் கொடுத்தது.

மாமாவிடம் அவர் அடாப்டருக்குப் பதில் நல்ல அடாப்டர் ஒன்று தருகிறேன் என்று சொல்லி, இரண்டையும் சேலத்துக்கு எடுத்து வந்தேன். ஒரே பெட்டியில் பிறந்து, ஒரே வேலையை ஒரே காலம் செய்து, வெப்பத்தில் மட்டும் வேறுபட்டவை இரண்டு கையில் இருக்கின்றன. இந்த வாய்ப்பு மறுபடி கிடைக்காது.

முதலில் திறக்காமலே சோதித்தேன். 10 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றை அடாப்டரின் வெளியீட்டில் இணைத்தேன். 5 வோல்ட்டுக்கு அது அரை ஆம்பியர் இழுக்கும். ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், கை வைக்கக் கூடாது. ரிலே, வைஃபை, சென்சார் எல்லாம் சேர்ந்து இழுக்கும் அளவுக்கு இது ஏறக்குறைய சமம். சுமை இல்லாமல் இரண்டு அடாப்டரும் 5.1 காட்டின. சுமை போட்டதும் ஏற்காட்டு அடாப்டர் 4.98, சேலத்து அடாப்டர் 4.6. இதுவே ஒரு துப்பு. ஆனால் மல்டிமீட்டர் காட்டுவது சராசரி. உள்ளே நடப்பதைப் பார்க்க, மின்னழுத்தம் ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப் வேண்டும். என்னிடம் இருப்பது கிட்டாக வாங்கிக் கோத்த சின்ன ஸ்கோப்தான், இதற்கு அது போதும்.

ஏற்காட்டு அடாப்டரின் கோடு லேசாகச் சொரசொரப்பாக இருந்தது, மேலிருந்து கீழ் 0.12 வோல்ட். சேலத்து அடாப்டரில் ரம்பப் பல் மாதிரி கூர் கூராக, மேலிருந்து கீழ் 1.8 வோல்ட். ஐந்து வோல்ட் கொடுக்க வேண்டிய இடத்தில் வினாடிக்குப் பல்லாயிரம் முறை கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் ரிப்பிள் என்கிறோம்.

அடாப்டருக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் மின்சாரத்தைத் தொடர்ச்சியாக அனுப்புவதில்லை, துண்டு துண்டாகத் தள்ளுகிறது. ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் நம் போர்டுக்கு மின்சாரம் தருவது, 5 வோல்ட் வெளியே போகும் வெளிப்பக்கத்துக் கேப்பாசிட்டர். அது ஒரு சின்னத் தொட்டி. காயக் காய அந்தத் தொட்டி சிறுத்துப் போகிறது. அதைவிடப் பெரிய கெடுதல், தொட்டியின் குழாய் அடைத்துக்கொள்கிறது. அந்த அடைப்புக்குப் பெயர் ஈஎஸ்ஆர், அதாவது கேப்பாசிட்டருக்குள் தொடராக மறைந்திருக்கும் மின்தடை. ஒவ்வொரு துண்டு மின்சாரமும் இந்தத் தடை வழியாக உள்ளே போக வேண்டும். சராசரி அரை ஆம்பியர் எடுத்தாலும் துண்டின் உச்சம் இரண்டு ஆம்பியருக்கு மேல் போகும். தடை 0.05 ஓம் என்றால் அதில் விழுவது 0.1 வோல்ட், கவலையில்லை. தடை ஒரு ஓமை நெருங்கினால் விழுவது இரண்டு வோல்ட். ஸ்கோப்பில் பார்த்த ரம்பப் பல் அதுதான். அந்தத் தடையில் வீணாகும் மின்சாரம் கேப்பாசிட்டரையே உள்ளிருந்து சுட வைக்கிறது, சூடு அதை இன்னும் காய வைக்கிறது. அதனால்தான் முதல் பதினான்கு மாதம் ஒன்றும் தெரியாமல், பிறகு மூன்றே மாதத்தில் மளமளவென்று மோசமானது.

போர்டில் 5 வோல்ட்டை 3.3 ஆகக் குறைத்துச் சிப்புக்குத் தரும் ரெகுலேட்டர் ஏன் இதைச் சரி செய்யவில்லை என்ற கேள்வி எனக்கும் இருந்தது. அந்த வகை ரெகுலேட்டர் வேலை செய்ய, உள்ளே வருவது வெளியே போவதைவிட ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் அதிகமாகவாவது இருக்க வேண்டும். அதாவது 4.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் 3.3 கொடுக்க முடியாது, உள்ளே இறங்க இறங்க வெளியேயும் இறங்கும். ரிலே இழுத்து, அதே நொடியில் வைஃபை அனுப்பத் தொடங்கியபோது போர்டின் 5 வோல்ட் பின்னை ஸ்கோப்பில் பிடித்தேன். அடி 3.5 வரை போனது. சிப்புக்குக் கிடைத்தது 2.4 வோல்ட் சுமார், எச்சரிக்கை எழும் எல்லையும் அதுவே. மே மாதத்தில் சென்சார் மட்டும் உளறியதும் இதே காரணத்தால்தான். சென்சார் நேராக 5 வோல்ட்டில் ஓடுகிறது, ரெகுலேட்டர் என்ற காவல் அதற்கு இல்லை. அதனால் முதலில் பாதிக்கப்பட்டது அது.

ஸ்கோப் இல்லாதவர்களுக்கு இரண்டு வழி சொல்கிறேன். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு கம்பியில் தொடராக 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கேப்பாசிட்டர் போட்டு, சுமையோடு இருக்கும் அடாப்டரில் வைத்துப் பாருங்கள். கேப்பாசிட்டர் இல்லாமல் வைத்தால் சில மலிவு மீட்டர்கள் டிசியையே ஏசி என்று ஏதோ ஒரு எண் காட்டும், நம்ப வேண்டாம். என் மீட்டரில் நல்ல அடாப்டர் 0.02, கெட்டது 0.38 காட்டியது. உண்மையான அளவு அதைவிட மிக அதிகம், ஏனென்றால் சாதாரண மீட்டருக்கு இவ்வளவு வேகமான ஏற்ற இறக்கம் முழுதாகத் தெரியாது. அதனால் அதிகமாகக் காட்டினால் அடாப்டர் கெட்டது என்று உறுதியாகச் சொல்லலாம், குறைவாகக் காட்டினால் நல்லது என்று சொல்ல முடியாது. இரண்டாவது வழி இன்னும் எளிது. நல்ல 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கேப்பாசிட்டர் ஒன்றை, துருவம் பார்த்து, போர்டின் 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவில் இணையுங்கள். கோளாறு நின்றுவிட்டால் சந்தேகம் அடாப்டர் மேல் உறுதியாகிறது. ஆனால் அதையே மருந்து என்று விட்டுவிடக் கூடாது. அடாப்டருக்குள் இருக்கும் கேப்பாசிட்டர் தொடர்ந்து சுட்டுக்கொண்டுதான் இருக்கும்.

அடாப்டரைத் திறந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இந்த உறைகளில் திருகு கிடையாது, உருக்கி ஒட்டியிருப்பார்கள். வைஸில் இணைப்புக் கோட்டின் மேல் வைத்து மெதுவாக இறுக்கினால் 'பட்' என்று விட்டுவிடும். திறந்ததும் கை வைக்கக் கூடாது. சுவர் மின்சாரம் உள்ளே வரும் உள்பக்கத்தில் இருக்கும் 400 வோல்ட் கேப்பாசிட்டர் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் பலருக்கு உண்டு. பொறி தெறிக்கும், கேப்பாசிட்டரும் சேதமாகும். 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, காப்பிட்ட கொக்கிக் கம்பியோடு, அதன் இரண்டு காலுக்கும் நடுவில் சில வினாடி பிடித்தேன். பிறகு மீட்டரில் பூஜ்யம் பார்த்த பின்தான் போர்டைத் தொட்டேன். திறந்த அடாப்டரை ஒருபோதும் சுவரில் சொருகி அளக்கவில்லை. அளக்க வேண்டியதை எல்லாம் மூடிய நிலையில், 5 வோல்ட் பக்கம் மட்டும் அளந்தேன்.

உள்ளே பார்த்தால் எல்லாம் புதிது போல இருந்தது. கேப்பாசிட்டர் கெட்டால் தலை உப்பியிருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். இங்கே தலை தட்டையாக, பளபளவென்று இருந்தது. உள்ளே வாயு உண்டாகி அழுத்தம் ஏறினால்தான் உப்பும். இது மெதுவாக ரப்பர் அடைப்பு வழியாக ஆவி கசிந்து காய்ந்தது, உப்ப எதுவும் மிச்சமில்லை. மிகச் சிறிய கேப்பாசிட்டர்களில் தலையில் உப்புவதற்கான வெட்டே இருக்காது. கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லிவிட முடியாது.

இரண்டு அடாப்டரிலிருந்தும் வெளிப்பக்கக் கேப்பாசிட்டரைக் கழற்றி காம்போனென்ட் டெஸ்டரில் வைத்தேன். இரண்டிலும் 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட், 105 டிகிரி என்று அச்சிட்டிருந்தது. ஏற்காட்டில் இருந்தது 905 மைக்ரோஃபாரட், ஈஎஸ்ஆர் 0.09 ஓம். சேலத்தில் இருந்தது 310 மைக்ரோஃபாரட், ஈஎஸ்ஆர் 0.85 ஓம். அந்த எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மலை உயரம் செய்த வித்தியாசம் என் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தது.

கேப்பாசிட்டர் ஆயுளுக்கு எல்லோரும் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும்.

```
L = L0 × 2^((T0 − T)/10)
```

இதில் T0 என்பது அச்சிட்டிருக்கும் 105. L0 என்பது அந்த வெப்பத்தில் அது தாங்கும் மணி நேரம். அது கேப்பாசிட்டர் மேல் அச்சில் இருக்காது, தயாரிப்பாளரின் தரவுத்தாளில்தான் இருக்கும். விலை குறைந்த சாதாரண வகையில் 1000 அல்லது 2000 மணி என்று இருக்கும். நான் 1000 என்றே எடுத்தேன். T என்பது அறை வெப்பமல்ல, அடாப்டருக்குள் கேப்பாசிட்டர் இருக்கும் இடத்தின் வெப்பம். அதைத் தெரிந்துகொள்ள, 2025 ஏப்ரலில் இதே மாதிரி அடாப்டர் உறை ஒன்றின் 5 வோல்ட் பக்கத்தில், சுவர் மின்சாரம் வராத மூலையில் சின்னத் துளை போட்டு, மீட்டரோடு வரும் தெர்மோகப்பிளை நுழைத்து மாடி அறையிலேயே ஓட்டினேன். மதியம் இரண்டு மணிக்கு அறை 46 டிகிரி, உள்ளே 78. விடியற்காலை அறை 27, உள்ளே 58. எப்போதும் 31, 32 டிகிரி கூடுதல்.

வருடம் முழுக்கச் சேர்த்து உள்ளே சராசரி 70 என்று எடுத்தால், ஆயுள் 11,300 மணி. பதினைந்தரை மாதம். என் சென்சார் உளற ஆரம்பித்தது பதினான்காம் மாதம். ஏற்காட்டில் அறை சராசரி 20 என்று வைத்து உள்ளே 51 என்று எடுத்தால், 42,000 மணி. ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இது தோராயக் கணக்குதான். மதிய வெப்பம் சராசரியைவிட அதிகச் சேதம் செய்யும், ரிப்பிளால் உள்ளே எழும் சூடும் சேர வேண்டும். ஆனாலும் இரண்டு டப்பாக்களின் கதையை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லிவிட்டது. 'ஒரு வருடம், இரண்டு வருடம் ஓடிவிட்டு காரணமே இல்லாமல் கெட்டுப்போனது' என்று நாம் சொல்லும் பொருள்களில் எத்தனையோ இந்தக் கணக்குக்குள் வரும் என்று நினைக்கிறேன்.

மாற்றுக் கேப்பாசிட்டருக்குப் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். "1000க்கு 16 குடுங்கண்ணா, 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர்" என்றேன். கடைக்காரர் ஒரு டப்பாவைத் தள்ளினார். கையோடு டெஸ்டர் கொண்டு போயிருந்தேன். முதல் டப்பாவில் எடுத்த ஒன்று 0.21 ஓம் காட்டியது. புதுசுக்கே இவ்வளவா என்று கேட்டேன். "அது சாதா வகைங்க தம்பி. ரேடியோ, ஆம்ப்ளிஃபயருக்குப் போவும். சார்ஜருக்கு இதை எடுத்துக்கோங்க" என்று உள்ளேயிருந்து வேறு கொடுத்தார். அது 0.04 காட்டியது. மைக்ரோஃபாரட்டும் வோல்ட்டும் ஒன்றாக இருந்தாலும் ஈஎஸ்ஆர் ஒன்றாக இருக்காது. அடாப்டருக்கு அதுதான் முக்கியம். இன்னொன்று, 16 வோல்ட் வகை கொஞ்சம் உயரமாக இருக்கும், உறைக்குள் அடங்குமா என்று பழையதை ஒட்டி வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

வெள்ளைக் கோடு போட்ட கால் எதிர்த்துருவம் என்று பார்த்துப் பற்றவைத்தேன். உள்பக்கத்து 400 வோல்ட் கேப்பாசிட்டர் 4.7க்கு 3.1 மைக்ரோஃபாரட் என்று இறங்கியிருந்தது, அதையும் மாற்றினேன். உறையை மூடி, ரெசிஸ்டர் சுமையோடு பார்த்தால் ரிப்பிள் 0.09 வோல்ட். அந்த அடாப்டரிலேயே போர்டை மேஜையில் மூன்று நாள் ஓட்டினேன். ரிலேவை ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை இழுக்க வைத்தேன். ஒரு ரீசெட் இல்லை.

ஆனாலும் அந்த அடாப்டரை மறுபடி மாடியில் மாட்டவில்லை. திறந்து பார்த்தபோது 230 வோல்ட் பக்கத் தடத்துக்கும் 5 வோல்ட் பக்கத் தடத்துக்கும் இருந்த இடைவெளி எனக்குப் பிடிக்கவில்லை, சில இடங்களில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். பிளந்து ஒட்டிய உறையையும் நம்ப முடியாது. ஈரக் கையோடு வீட்டில் யாராவது தொடுவார்கள். மேஜையில் என் கண் முன்னால் ஓடுவதோடு சரி.

மாடிக்கு வேறு ஏற்பாடு செய்தேன். தரமான 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்றைக் கீழே ஹாலில், ஃபேன் காற்று படும் இடத்தில் மாட்டி, அங்கிருந்து 15 மீட்டர் கம்பி மாடிக்கு இழுத்தேன். மேலே 12 வோல்ட்டை 5 ஆக்க ஒரு சின்ன மாட்யூல் வேண்டும். கடையில் அதிகம் கிடைக்கும் நீல நிற மாட்யூலை முதலில் கையில் எடுத்தேன். அதில் இரண்டு எலக்ட்ரோலிட்டிக் கேப்பாசிட்டர்கள் உட்கார்ந்திருந்தன. அதை அதே தகர அறையில் வைத்தால் இதே கதை இன்னொரு பதினைந்து மாதத்தில் திரும்பி வரும். அதை வைத்துவிட்டு, செராமிக் கேப்பாசிட்டர் மட்டும் இருக்கும் சின்ன மாட்யூலை எடுத்தேன். செராமிக்கில் காய்வதற்குத் திரவம் இல்லை. இழுக்கும் மின்சாரம் 12 வோல்ட் பக்கம் கால் ஆம்பியர்தான், 15 மீட்டர் கம்பியில் விழும் கொஞ்சத்தை மாட்யூல் சரி செய்துகொள்கிறது.

புரோகிராமிலும் ஒரு சின்ன மாற்றம். எச்சரிக்கையை அணைக்கும் அந்த வரிக்குப் பதில், எச்சரிக்கை எத்தனை முறை வந்தது என்று எண்ணி, மின்சாரம் போனாலும் அழியாத இடத்தில் சேமிக்கும் சில வரிகள்:

```cpp
#include <Preferences.h>
Preferences p;

void setup() {
  Serial.begin(115200);
  p.begin("log", false);
  if (esp_reset_reason() == ESP_RST_BROWNOUT)
    p.putUInt("bo", p.getUInt("bo", 0) + 1);
  Serial.println(p.getUInt("bo", 0));
}

void loop() {
}
```

இந்த எண்ணைத் தொட்டி மட்டத்தோடு சேர்த்து என் போனுக்கு அனுப்ப வைத்திருக்கிறேன். பூஜ்யமாக இருந்தது ஒன்றாக மாறும் நாளிலேயே அடாப்டரைக் கழற்றிச் சுமை போட்டுப் பார்த்துவிடலாம். முதலிலேயே இதை வைத்திருந்தால் அந்த ராத்திரித் தண்ணீர் சந்தில் ஓடியிருக்காது.

மாமா வீட்டிலும் புது அடாப்டர்தான் ஓடுகிறது, அதே புரோகிராம் ஏற்றியிருக்கிறேன். இரண்டு அடாப்டர் மேலும் மாட்டிய தேதியும், அரை ஆம்பியர் சுமையில் அன்றைக்கு இருந்த ரிப்பிளும் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். சேலத்தில் 0.06, ஏற்காட்டில் 0.07. மே மாதம் கோடை விழாவுக்கு மலை ஏறும்போது 10 ஓம் ரெசிஸ்டரும் சின்ன ஸ்கோப்பும் பையில் வரும். "எண்ணு இன்னும் சைபர்தான் மாப்ள" என்று மாமா வாரம் ஒரு முறை போனில் சொல்கிறார்.